பார்டர் கொலஸ்ட்ரால்: ஐம்பதைத் தாண்டியவரின் முதல் 12 வாரம்

"வணக்கம் மாஸ்டர். எனக்கு வயசு 54. ஆபீஸ்ல பிளட் டெஸ்ட் எடுத்தாங்க. கொலஸ்ட்ரால் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொல்றார். இப்ப மாத்திரை வேணாம், மூணு மாசம் நடந்து, சாப்பாட்டையும் சரிபண்ணிட்டு வாங்க, மறுபடி பார்ப்போம்னு சொன்னார். இருபது வருஷமா எக்சர்சைஸ்னு எதுவும் பண்ணதில்லை. வலது முட்டி கொஞ்சம் வலிக்கும். கஷ்டமில்லாம ஆரம்பிக்கிற மாதிரி ஒரு பிளான் போட்டுத் தருவீங்களா? கொலஸ்ட்ரால் எத்தனை நாள்ல குறையும்?"

இரவு பத்தரை மணிக்கு, கடைசி பேட்ச் முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில், ஜிம் பயிற்சியாளரின் போனில் வந்து விழும் செய்தி இப்படித்தான் இருக்கும். கூடவே ரிப்போர்ட்டின் போட்டோ ஒன்றும் வரும். மேசை விளக்கின் வெளிச்சம் பட்டுப் பாதி மங்கிய தாளில் நான்கு எண்கள். நான்கின் பக்கத்திலும் லேப் போட்ட நட்சத்திரக் குறி. மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் காலை முதல் மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர் என்று ஒருவரை மாதிரிக்கு வைத்துக்கொண்டால், அவருடைய கேள்விக்குச் சரியான பதில் எப்படி அமைய வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

நான்கு எண்கள்

அவருடைய ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 222. நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்.டி.எல். 38. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 190. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்.டி.எல். 146. எல்லாமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை. மற்ற மூன்றையும் அளந்து, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 38. மொத்தமான 222-இல் அந்த 38-ஐயும் எச்.டி.எல். 38-ஐயும் கழித்தால் 146. 1972-இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரம் இது. முந்தைய நாள் இரவு விருந்தோ மதுவோ டிரைகிளிசரைடை ஏற்றிவிட்டால், எல்.டி.எல். கணக்கும் அதோடு சேர்ந்து பிசகும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் உதவாது.

> எது பார்டர்?
>
> லேப் தாள்களில் அச்சாகும் வரம்புகள் 2001-இல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்தவை.
>
> மொத்தக் கொலஸ்ட்ரால்: 200 முதல் 239 வரை பார்டர், 240-க்கு மேல் அதிகம்.
>
> எல்.டி.எல்.: 130 முதல் 159 வரை பார்டர், 160-க்கு மேல் அதிகம். 190-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். நடையை நம்பிக் காத்திருக்கும் கட்டம் அல்ல அது.
>
> டிரைகிளிசரைடு: 150 முதல் 199 வரை பார்டர்.
>
> எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40-க்குக் கீழே போனால் குறைவு.

மூன்று எண்கள் பார்டரில், நான்காவது வரம்புக்குக் கீழே. இந்தச் சேர்க்கையைத்தான் கவனிக்க வேண்டும். எல்.டி.எல். நடுத்தரம், டிரைகிளிசரைடு கூடுதல், எச்.டி.எல். குறைவு, கூடவே தொப்பை. இந்தியத் துணைக்கண்டத்து ஆண்களிடம் அடிக்கடி காணப்படும் அமைப்பு இது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று கொள்ளப்படுகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறது. ஆகவே 54 வயதில் "பார்டர்தானே" என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பதற்கில்லை.

பார்டருக்கு வேறொரு நோயும் காரணமாக இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்.டி.எல். ஏறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் டிரைகிளிசரைடு ஏறும். சிறுநீரகக் கோளாறும், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் இரண்டையும் கெடுக்கும். தைராய்டும் சர்க்கரையும் பார்த்தாயிற்றா என்று பயிற்சியாளர் கேட்டுவைப்பது நல்லது. தைராய்டு குறைவு என்றால் பாதி வேலையை அதற்கான மாத்திரையே செய்துவிடும்.

நடை எதைக் குறைக்கும், எதைக் குறைக்காது

"கொலஸ்ட்ரால் எத்தனை நாள்ல குறையும்?" என்ற கடைசிக் கேள்விக்குத்தான் ஜிம்களில் தவறான பதில் அதிகம் கிடைக்கிறது. மூன்று மாதத்தில் கொலஸ்ட்ராலைக் கரைத்துவிடலாம் என்று சொல்லிப் பணம் கட்ட வைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். 146-இலிருந்து 141-க்கு வந்திருப்பதைப் பார்த்து மனிதர் சோர்ந்துபோகிறார். அத்தோடு நடையையும் நிறுத்திவிடுகிறார். இதில் வரும் நஷ்டம் பெரியது.

எல்.டி.எல். ரத்தத்திலிருந்து வெளியேறும் வாசல் கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இதைக் கண்டறிந்ததற்காகவே மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஸ்டாடின் மாத்திரை இந்த ஏற்பிகளைப் பெருக்குகிறது. உணவில் நிறைகொழுப்பைக் குறைத்தாலும் அவை நன்றாக வேலை செய்கின்றன. நடை இந்த வாசலை லேசாகத்தான் தொடுகிறது. உணவு மாறாமல், எடையும் குறையாமல் நடந்தால் மட்டும் எல்.டி.எல். சில சதவீதம் இறங்கும். பலருக்கு அதுவும் இறங்காது.

டிரைகிளிசரைடின் கதை வேறு. அதை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி, தசைகளுக்குப் போகும் நுண்குழாய்களின் சுவரில் ஒட்டியிருக்கிறது. தசை வேலை செய்தால் இந்த நொதி சுறுசுறுப்பாகும். ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பை உடைத்துத் தசைக்கு எரிபொருளாகக் கொடுக்கும். ஒரு நாள் நன்றாக நடந்தாலே மறுநாள் டிரைகிளிசரைடு குறைந்திருப்பதைக் காணலாம். ஆனால் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்தால் அந்தப் பலன் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பது இந்தக் கொழுப்புக்கு ஏன் ஏற்றது என்பதற்கு இதுதான் காரணம். நல்ல திட்டத்தின் அடிப்படை விதியும் இதிலிருந்தே வருகிறது: தொடர்ந்து இரண்டு நாள் விட்டுப்போகக் கூடாது.

எச்.டி.எல். மெதுவாகத்தான் ஏறும். ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, வாரத்துக்கு ஏறக்குறைய 120 நிமிட உடற்பயிற்சிக்குப் பிறகே எச்.டி.எல். அசைகிறது, சராசரியாக இரண்டரைப் புள்ளி ஏறுகிறது. நம்மவரின் 38 நாற்பதைத் தாண்டினாலே அது நல்ல பலன்.

அப்படியானால் நடப்பது எதற்கு? ரிப்போர்ட்டில் அச்சாகாத மாற்றங்களுக்காக. ரத்த அழுத்தம் இறங்கும். இன்சுலின் நன்றாக வேலை செய்யும். ரத்தக் குழாயின் உட்சுவர் சுருங்கி விரியும் திறன் மேம்படும். வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு, எடை இயந்திரத்தில் பெரிய மாற்றம் தெரிவதற்கு முன்பே குறையத் தொடங்கும். மாரடைப்பு அபாயம் இவை எல்லாவற்றையும் பொறுத்தது. எல்.டி.எல்.-ஐ இறக்குவது சாப்பாட்டின் வேலை, தேவைப்பட்டால் மாத்திரையின் வேலை. இதயத்தைப் பாதுகாப்பதில் நடைக்குத் தனிப் பங்கு இருக்கிறது. இதை முதல் நாளே சொல்லிவிடும் பயிற்சியாளரிடம் வருபவர் நான்காவது மாதமும் வருவார்.

> லண்டன் பஸ் சொன்ன செய்தி
>
> உடல் உழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் துலக்கமாகக் காட்டியவர் பிரிட்டன் மருத்துவர் ஜெரமி மாரிஸ். லண்டனின் இரட்டை மாடி பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்கப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதை அவருடைய குழு 1953-இல் வெளியிட்டது. பின்னர் அவரே ஊழியர்களின் சீருடை அளவுகளையும் ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலையில் சேர்ந்தபோதே பெரிதாக இருந்தது. அதனால் வித்தியாசம் முழுவதையும் படி ஏறியதன் கணக்கில் எழுத முடியாது என்றும் அவர் தரப்பிலிருந்தே எச்சரிக்கை வந்தது. ஆனாலும் வெவ்வேறு தொழில் செய்பவர்களிடம் பிறகு நடந்த ஆய்வுகளும், உடலால் உழைப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதையே காட்டின.

திட்டத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

செய்தி வந்த உடனே ஒரு அட்டவணையை அனுப்பிவிடுவது எளிது. பல ஜிம்களில் ரெடியாக ஒன்று இருக்கும். 25 வயதுக்காரருக்கும் 54 வயதுக்காரருக்கும் அதேதான். பொறுப்புள்ள பயிற்சியாளர் இப்படிப் பதில் எழுதுவார்: "பண்ணிடலாம் சார். அதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம் சொல்லுங்க."

முதலாவது, வேகமாக நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிச்சல் வருகிறதா? இங்கே வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். "நெஞ்சு வலி இருக்கா?" என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். "கேஸ் தொந்தரவு இருக்கா? நடக்கும்போது வந்து, நின்னா போயிடுதா?" என்று கேட்டால் ஆமாம் என்பவர்கள் உண்டு. சாப்பிட்டவுடன் நடந்தால் நெஞ்சுக்கு நடுவே, தொண்டையில், தாடையில், இடது தோளில் ஒரு பிடிப்பு. இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. இது வாய்வு அல்ல, இதயத்துக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். இந்தப் பதில் வந்தால் திட்டம் அங்கேயே நிற்க வேண்டும். அடுத்து அவர் போக வேண்டிய இடம் இதய மருத்துவரின் அறை.

இரண்டாவது, தலைசுற்றி விழுந்தது, காரணமில்லாத படபடப்பு, படுத்தால் மூச்சுத் திணறல் ஏதாவது உண்டா? மூன்றாவது, வீட்டில் அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா? அம்மா, அக்கா, தங்கை என்றால் 65-க்குள். நான்காவது, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ஐந்தாவது, சிகரெட் உண்டா, முட்டி வலி எந்த நேரத்தில் எப்படி வருகிறது?

நம்முடைய வங்கி ஊழியரின் பதில்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சில் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு 58 வயதில் பைபாஸ். சிகரெட் இல்லை. முட்டி, படி இறங்கும்போது மட்டும் வலிக்கும். நான்காவது கேள்விக்கு, "பிரஷருக்கு ஒரு மாத்திரை போடறேன் மாஸ்டர், அட்டெனலால் 50. அதைச் சொல்லணுமா?"

கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்பும் சேர்ந்துவிட்டால் பார்டர் எல்.டி.எல்.-இன் பொருளே மாறிவிடுகிறது. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மருத்துவர் வயது, பிரஷர், எச்.டி.எல்., குடும்ப வரலாறு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத்தான் பார்ப்பார். இரண்டாவதாக, அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரைகள் நாடித்துடிப்பை அடக்கிவைக்கும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் 166, அதில் 70 சதவீதம் 116, அதுவரை துடிப்பை ஏற்றுங்கள் என்ற வழக்கமான கணக்கு இவருக்குப் பொருந்தாது. அவர் திணறிக்கொண்டு நடந்தாலும் கைக்கடிகாரம் 98 என்று காட்டலாம். 116-ஐ எட்டுவதற்காக இன்னும் வேகமாக நடந்தால் ஆபத்து. இவருக்கு அளவுகோல் பேச்சுதான். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

ஈ.சி.ஜி. நார்மல் என்று அவர் சேர்த்துச் சொல்லலாம். படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் அடைப்பே இல்லை என்று அர்த்தமாகாது. அதே சமயம், அறிகுறி எதுவும் இல்லாதவர் மெதுவான நடையைத் தொடங்க டிரெட்மில் சோதனை கட்டாயமும் இல்லை. மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அறிகுறி இல்லை, தொடக்கம் மெதுவானது. தொடங்கலாம்.

பன்னிரண்டு வாரம்

முதல் இரண்டு வாரத்தில் நடை ஒரு நாளைக்கு 10 நிமிடம்தான். ஐந்து நாள் கட்டாயம், ஆறாவது நாள் முடிந்தால். முதல் மூன்று நிமிடம் காய்கறி வாங்கப் போகும் வேகம், நடுவில் நான்கு நிமிடம் சற்று வேகம், கடைசி மூன்று நிமிடம் மறுபடி மெதுவாக. 10 நிமிடம் கேவலமாகத் தோன்றும். இருபது வருடம் உட்கார்ந்திருந்தவரின் இதயமும் நுரையீரலும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். குதிகால் தசைநாணும் முட்டியைச் சுற்றிய தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அவற்றுக்காகத்தான் இந்தப் பொறுமை.

மூன்றாம் நான்காம் வாரத்தில் 15 நிமிடம், பிறகு 20. ஐந்தாம் வாரத்திலிருந்து 25. எட்டாவது வாரம் முடியும்போது 30. ஐந்து நாள் முப்பது என்றால் வாரத்துக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவு இது. ஒன்பதாம் வாரத்திலிருந்து நேரத்தைக் கூட்டாமல் வேகத்தைத் தொடலாம்: மூன்று நிமிடம் விறுவிறு நடை, இரண்டு நிமிடம் சாதாரண நடை, இப்படி நான்கு சுற்று, முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் மெதுவாக. வேகம் சரியா என்று பார்க்க 15 விநாடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணினால் போதும். 25 என்றால் நிமிடத்துக்கு 100 அடி. பெரும்பாலான பெரியவர்களுக்கு மிதமான வேகம் அங்கேதான் தொடங்குகிறது.

முடிக்கும்போது சட்டென்று நிற்கக் கூடாது. நடக்கும்போது கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலைசுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும்.

வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்து இல்லாமல், வீட்டிலேயே தசைப் பயிற்சி. முதல் மாதம் மூன்றே போதும். கை இல்லாத நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக மறுபடி உட்காருவது, எட்டு முறை. முட்டி வலித்தால் நாற்காலி மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டலாம். சுவரிலிருந்து ஒரு கை தள்ளி நின்று, சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ் அப் எட்டு முறை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது எட்டு முறை. எல்லாம் ஒரு சுற்று. இரண்டு வாரம் கழித்து இரண்டு சுற்று. இரண்டாவது மாதம் ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பதும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவதும் சேரும். எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால் அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும். பிரஷர் உள்ளவருக்கு மொத்தத் திட்டத்திலும் மிக முக்கியமான எச்சரிக்கை இதுவாகத்தான் இருக்கும்.

படி இறங்கும்போது வலிக்கும் முட்டிக்காக நடையை நிறுத்த வேண்டியதில்லை. சமதளத்தில் நடக்க வேண்டும், மேம்பாலமும் படிகளும் இப்போதைக்கு வேண்டாம். பத்துக்கு மூன்று அளவிலான வலி, மறுநாள் காலைக்குள் போய்விடுகிறது என்றால் அதே அளவில் தொடரலாம். மறுநாளும் வலி இருந்தாலோ முட்டி வீங்கினாலோ முந்தைய வாரத்து அளவுக்கு இறங்க வேண்டும்; தேவைப்பட்டால் ஒரு வாரம் நின்ற இடத்து சைக்கிளுக்கு மாறலாம். நாற்காலிப் பயிற்சியால் தொடைத் தசை வலுவானால் முட்டியின் சுமை குறையும்.

மதுரை வெயிலில் ஏப்ரல், மே மாதம் காலை ஏழு மணிக்குள் நடையை முடிப்பது நல்லது. காலையில் முடியாதவர் இரவு உணவு முடிந்து சற்று நேரம் கழித்து மெதுவாக நடக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு அது நல்லது. இடம் தேடுபவர்களுக்காக, தமிழக அரசு 2023-இல் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதல் மாதத்தில் அதில் ஒரு கிலோமீட்டரே இவருக்குப் போதும்.

எங்கே சறுக்குகிறது

மூன்றாவது வாரம்தான் ஆபத்தான வாரம். உடம்பு லேசாகிறது, தூக்கம் நன்றாக வருகிறது, உற்சாகத்தில் 15 நிமிடத்தை ஒரே நாளில் 50 ஆக்குகிறார். அல்லது பக்கத்தில் ஓடும் இளைஞர்களோடு சேர்ந்து ஓடிப்பார்க்கிறார். குதிகால் வலியில் படுத்துவிட்டால் இரண்டு வாரம் போய்விடும். அதைவிடப் பெரிய கவலை இதயம். 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு, கடும் உழைப்புக்குப் பின் வரும் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ பயிற்சி செய்பவர்களுக்கு அது இரண்டரை மடங்குக்குள் நின்றது. வாரத்தில் ஒரு நாள்கூடப் பழகாதவர்களுக்கு நூறு மடங்கைத் தாண்டியது. ஒரு தனி மணி நேரத்துக்கான அபாயம் மிகச் சிறியது என்பதால் நூறு மடங்கானாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அடைப்பு இருப்பது தெரியாமல் இருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு, திடீர் ஓட்டம் எடுக்கக் கூடாத சோதனை. மெதுவாகத் தொடங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது ஜிம்முக்கே போகக் கூடாதோ என்ற பயம் பரவியது. அந்த ஆய்வின் எண்கள் சொல்வது நேர்மாறு: பழகிய உடம்புக்குத்தான் அபாயம் குறைவு.

> உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்
>
> நடக்கும்போது நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், அது தாடைக்கோ, கைக்கோ, முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது, வழக்கமாக நடக்கும் தூரத்துக்கே திடீரென்று மூச்சு முட்டுவது.
>
> நின்று, உட்கார வேண்டும். நின்றதும் விட்டுவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விடாவிட்டால் 108. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தமிழகத்தில் "இதயம் காப்போம்" திட்டத்தின் கீழ், மாரடைப்பு என்று தெரிந்தவுடன் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சறுக்கல், நடை முடிந்த இடத்து டீக்கடையில். 78 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் மிதமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 135 கலோரி. இரண்டு மெது வடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் அதைத் தாண்டிவிடும். நடப்பதால் சாப்பிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் டிரைகிளிசரைடு கூட இறங்காது. இவருடைய எண்களுக்குச் சாப்பாட்டில் இரண்டு மாற்றம் பலன் தரும். டிரைகிளிசரைடுக்காக வெள்ளைச் சோற்றின் அளவு, இனிப்பு, மது மூன்றையும் குறைப்பது. எல்.டி.எல்.-க்காகப் பாமாயிலில் பொரித்தது, நெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புள்ள ஆட்டுக்கறி இவற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், கொண்டைக்கடலை, காய்கறி, கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெயை அளவோடு சேர்ப்பது.

மூன்றாவது சறுக்கலுக்குச் சில பயிற்சியாளர்களே காரணம். கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் டப்பாக்களில் பலவற்றில் காஃபீன் போன்ற ஊக்கிகள் இருக்கின்றன. அவை பிரஷரையும் துடிப்பையும் ஏற்றும். கொலஸ்ட்ராலுக்கு இயற்கை மருந்து என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பது லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடினேதான். எந்த அளவில் இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி எச்.டி.எல்.-ஐ இறக்கி எல்.டி.எல்.-ஐ ஏற்றும். இந்த வயதில், இந்த ரிப்போர்ட்டோடு வந்தவரிடம் இவற்றில் எதையும் நீட்டுவது குற்றம் என்றே சொல்ல வேண்டும்.

பின்னால் மருத்துவர் ஸ்டாடின் தொடங்கினால் வேறொரு குழப்பம் வரும். புதிய பயிற்சியால் வரும் தசை வலி அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் போய்விடும். உழைத்த தசையில் மட்டும் இருக்கும். ஸ்டாடினால் வரும் வலி இரண்டு தொடையிலும், இரண்டு கெண்டைக்காலிலும் ஒருசேர வந்து, பயிற்சி செய்யாத நாளிலும் விடாமல் இருக்கும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்துவதும், பயிற்சியாளர் சொல்லி நிறுத்துவதும் தவறு. சிறுநீர் கறுத்துப்போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டாவது வாரத்து ரத்தப் பரிசோதனை

மறுபரிசோதனை அதே லேபில், அதே மாதிரி 12 மணி நேரம் சாப்பிடாமல் எடுக்கப்பட வேண்டும். அதற்கு முந்தைய மூன்று நாள் மது கூடாது. அசாதாரணமான விருந்தோ, அசாதாரணமான பட்டினியோ கூடாது. காய்ச்சல் வந்து தேறிய உடனே எடுக்கவும் கூடாது, ஏனென்றால் நோயின்போது எல்.டி.எல். தற்காலிகமாக இறங்கி ஏமாற்றும். தசைப் பயிற்சியை இரண்டு நாள் முன்பே நிறுத்தி, வழக்கமான நடையை மட்டும் தொடரலாம்.

இனி எண்களை எப்படிப் படிப்பது? ஒரே ஆளிடம், வாழ்க்கையில் எதுவும் மாறாமல் இரண்டு முறை ரத்தம் எடுத்தாலே எல்.டி.எல். எட்டு ஒன்பது சதவீதம் முன்னே பின்னே இருக்கும். டிரைகிளிசரைடு இருபது சதவீதத்துக்கு மேலும் ஆடும். ஆகவே 146 என்பது 139 ஆனால் வெற்றி என்றோ, 150 ஆனால் தோல்வி என்றோ முடிவு கட்ட முடியாது. எதிர்பார்க்கத் தகுந்தது இவ்வளவு: நடையும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்து மூன்று கிலோ எடை குறைந்திருந்தால் டிரைகிளிசரைடு 150 முதல் 165-க்குள் வரலாம், எச்.டி.எல். ஒன்றிரண்டு புள்ளி ஏறலாம், எல்.டி.எல். 130-களில் நிற்கலாம். இடுப்பில் மூன்று சென்டிமீட்டர் குறைந்து, பிரஷர் சில புள்ளிகள் இறங்கி, மூன்று மாடியை நிற்காமல் ஏற முடிந்தால், அவற்றையும் ரிப்போர்ட்டின் பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டும்.

அதன் பிறகும் எல்.டி.எல். 140-களிலேயே நின்றால், தவறு அவருடைய நடையில் இல்லை. எல்.டி.எல். எவ்வளவு இருக்கும் என்பதில் கல்லீரல் ஏற்பிகளின் பரம்பரை இயல்புக்குப் பெரும் பங்கு உண்டு. 54 வயது, ரத்தக் கொதிப்பு, குறைந்த எச்.டி.எல்., தெற்காசியப் பிறப்பு இவ்வளவும் சேர்ந்தவருக்கு மருத்துவர் ஸ்டாடின் எழுதலாம். அல்லது முடிவெடுக்க உதவியாக இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று காட்டும் சி.டி. ஸ்கேன் ஒன்றைக் கேட்கலாம். பயிற்சியாளருக்கு அங்கே வேலை முடிந்துவிடுவதில்லை. மாத்திரை தொடங்கிய முதல் மாதத்தில் நடையின் அளவைக் கூட்டாமல் அப்படியே வைத்திருப்பது உதவும். வலி வந்தால் அது மாத்திரையாலா பயிற்சியாலா என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். அந்த மாதம் கழிந்த பிறகு, வாரத்துக்கு 150 நிமிடம் என்பதை 180-க்கும் 200-க்கும் மெல்லக் கொண்டுபோகலாம்.